பாலக்காட்டுக் கணவாய்

பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில், நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே, கோயம்புத்தூரையும் பாலக்காட்டையும் இணைக்கும் தாழ்வான இடைவெளி. கணவாய் என்றாலும் ஒடுக்கமான மலைவழி அல்ல. அகலம் சுமார் 30 கிலோமீட்டர். வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டரும் தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டரும் உயர்ந்து நிற்க, கணவாயின் தரை பெரும்பாலும் 300 மீட்டரைத் தாண்டுவதில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று இவ்வழியே நெருக்கப்பட்டு வேகம் பெறுகிறது. உடுமலை, பல்லடம் பகுதிகளில் காற்றாலைகள் பெருகியதற்கு இதுவே முக்கியக் காரணம். பனிக்காலத்தில் திசை மாறி, கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். பாலக்காடு மாவட்டத்தில் தமிழும் பேசப்படும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஊர்கள் அதை நேராக வாங்குகின்றன.

கணவாயின் தோற்றத்தை நிலவியலாளர்கள் பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த மிகப் பழைய மண்டலம் ஒன்றுடன் தொடர்புபடுத்துகின்றனர். எனினும் ஒருமித்த கருத்து இல்லை. உயிரியலில் இது ஒரு தடுப்பு: இருபுறத்து யானைகளிடையே மரபணு வேறுபாடு பதிவாகியுள்ளது.