தனிநபர் இலக்குத் தாள்கள் 2026: துறை நோக்கங்களோடு ஒப்பிட்ட விவரம்

பெறுநர்: துறைத் தலைவர், காற்றாலை இயக்கம் மற்றும் பராமரிப்பு
அனுப்புநர்: உதவிப் பொறியாளர், பராமரிப்புத் திட்டமிடல், ராதாபுரம் அலுவலகம்
நாள்: 19 ஜனவரி 2026

சார்,

பொங்கல் விடுமுறைக்கு முன்பு வந்து சேர்ந்த ஒன்பது இலக்குத் தாள்களையும் வாசித்து, ஒவ்வொன்றிலும் உள்ள இலக்கு, அளவீடு, கெடு தேதி மூன்றையும் தனியே எடுத்திருக்கிறேன். தாளில் இருப்பதை மட்டுமே அட்டவணையில் சேர்த்தேன். தேதி எழுதாத இடத்தில் நானாக ஒரு தேதியை ஊகித்துப் போடவில்லை. என் கருத்துகள் அட்டவணைக்குக் கீழே தனியாக இருக்கின்றன. ஸ்டோர் கீப்பரும் நானும் உட்கார்ந்து எல்லாத் தாள்களையும் இரண்டாம் முறை சரிபார்த்தோம்.

துறையின் நோக்கங்கள், டிசம்பர் கூட்டத்தில் முடிவானபடி:

நோ1: மே 1 முதல் செப்டம்பர் 30 வரை 36 மில்களின் தயார்நிலை 97 சதவீதம்.
நோ2: சீசனுக்கு முந்தைய பராமரிப்பு எல்லா மில்களிலும் ஏப்ரல் 20-க்குள் முடிவது.
நோ3: பழுது சரிசெய்ய ஆகும் சராசரி நேரம் 9 மணியிலிருந்து 5 மணியாகக் குறைவது.
நோ4: விபத்து இல்லாத ஆண்டு. மில் ஏறும் அனைவருக்கும் உயரப் பணி மற்றும் மீட்புப் பயிற்சி மார்ச் 31-க்குள்.
நோ5: உதிரிப் பொருள் இருப்பின் மதிப்பு டிசம்பர் 31-க்குள் 8 சதவீதம் குறைவது.

| யார் | இலக்கு | அளவீடு | கெடு தேதி | நோக்கம் | ஒப்பு |
|---|---|---|---|---|---|
| தள மேற்பார்வையாளர், ராதாபுரம் | 20 மில்களில் சீசனுக்கு முந்தைய சர்வீஸ் | கையெழுத்தான செக்‌ஷீட் 20 | ஏப்ரல் 30 | நோ2 | பாதி |
| தள மேற்பார்வையாளர், பணகுடி | 16 மில்களில் அதே சர்வீஸ் | கையெழுத்தான செக்‌ஷீட் 16 | ஏப்ரல் 15 | நோ2 | நேர் |
| அவரே | தன் 16 மில்களின் தயார்நிலை | 97.5 சதவீதம் | செப்டம்பர் 30 | நோ1 | நேர் |
| மூத்த டெக்னீஷியன், கியர்பாக்ஸ் | 24 பழைய மில்களில் எண்ணெய் மாதிரிச் சோதனை, தேவையானவற்றில் எண்ணெய் மாற்றம் | ஆய்வக அறிக்கை 24 | ஜூன் 30 | நோ1, நோ2 | பாதி |
| டெக்னீஷியன், மின்பிரிவு | டிரான்ஸ்பார்மர் எண்ணெய்ச் சோதனை, எர்த் அளவீடு | செய்த சோதனைகள் 36 | மார்ச் 31 | நோ2 | பாதி |
| கட்டுப்பாட்டு அறை ஷிப்ட் பொறுப்பாளர் | அலாரம் வந்ததும் டெக்னீஷியனுக்குத் தகவல் | சராசரி 10 நிமிடம் | தாளில் இல்லை | நோ3 | பாதி |
| பிளேடு டெக்னீஷியன் | 12 பெரிய மில்களில் பிளேடு விளிம்புத் தேய்மானம் பார்த்துச் சரிசெய்தல் | மூன்று பிளேடுக்கும் முன், பின் படம் | ஏப்ரல் 15 | நோ2 | நேர் |
| ஸ்டோர் கீப்பர் | 14 முக்கிய உதிரிகளில் குறைந்தபட்ச இருப்பு | இருப்பு இல்லாத நாள் 0 | ஏப்ரல் 10 | நோ3 | நேர் |
| அவரே | இருப்பு மதிப்பைக் குறைத்தல் | 8 சதவீதம் | டிசம்பர் 31 | நோ5 | நேர் |
| டெக்னீஷியன், பணகுடி | உயரப் பணிப் பயிற்சி முடித்தல் | சான்றிதழ் | மார்ச் 31 | நோ4 | நேர் |
| அவரே | மேனுவலைத் தானே வாசிக்கும் அளவுக்கு ஆங்கிலம் | தாளில் இல்லை | டிசம்பர் 31 | எதுவும் இல்லை | இல்லை |
| வண்டி ஓட்டுநர் | இரவு அழைப்புக்கு வண்டி கிளம்பும் நேரம் | 15 நிமிடம் | மே 1 முதல் | நோ3 | நேர் |
| அவரே | லெவிஞ்சிபுரம் பக்கம் 3 மில்களின் மணல் பாதைக்குக் கிராவல் | பாதை 3 | ஏப்ரல் 5 | நோ3 | நேர் |

மொத்தம் 13 இலக்குகள். எட்டு நேராகப் பொருந்துகின்றன, நான்கு பாதி, ஒன்று எந்த நோக்கத்தோடும் சேரவில்லை.

இந்த எண்ணிக்கையைப் பார்த்தால் நிலைமை பரவாயில்லை என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை, சார். பாதி என்று குறித்த நான்கில் மூன்று சொல்லளவில் சரியாகவே இருக்கின்றன. அவை காற்றோடுதான் ஒத்துப்போகவில்லை. குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நம் மில்களுக்கும் காற்று வந்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை 153 நாள், மணிக்கணக்கில் 3,672. அதில் 97 சதவீதம் தயார்நிலை வேண்டுமென்றால் ஒரு மில் ஏறக்குறைய 110 மணி நேரம்தான் நிற்கலாம். கீழே ஒவ்வொரு இலக்கையும் இந்த 110 மணி நேரத்தை வைத்தே பார்த்திருக்கிறேன்.

முதலில் கியர்பாக்ஸ் எண்ணெய். ஜூன் 30 என்பது காற்று நன்றாக வீசும் நேரம். எண்ணெய் மாற்ற ஒரு மில்லுக்கு ஒரு பகல் போய்விடும். மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கை வரும் வரை காத்திருந்து பிறகு மாற்றினால் சீசன் நடுவில் மில்லை நிறுத்த வேண்டியிருக்கும். ஏன் அந்தத் தேதி என்று அண்ணாச்சியிடம் நேரில் கேட்டேன். "போன வருசத் தாள்ல அரையாண்டுன்னு இருந்துச்சு, அதையே எழுதிட்டேன். காத்து நேரத்துல ஆயில் மாத்துனா மில்லு சும்மால்லா நிக்கும், எனக்குத் தெரியாதா?" என்றார். அவருக்கு வேலை தெரியும். தவறு நாம் கொடுத்த தாளில் இருக்கிறது. அரையாண்டு, ஆண்டு இறுதி என்று அச்சடித்த கட்டங்கள் நம் துறைக்குப் பொருந்துவதில்லை. மாதிரி எடுப்பது பிப்ரவரி 15, எண்ணெய் மாற்றம் ஏப்ரல் 15 என்று இரண்டு தேதிகளாகப் பிரிக்க அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அளவீட்டையும் மாற்ற வேண்டும். 24 அறிக்கைகள் கையில் இருந்தும் எண்ணெய் மாறாமல் கிடந்தால் பயனில்லை. "மாற்ற வேண்டும் என்று அறிக்கை சொன்ன மில்களில் எத்தனை மாற்றியாயிற்று" என்பதே சரியான அளவு.

மின்பிரிவுத் தாளிலும் அளவீட்டில்தான் குறை. 36 சோதனை செய்தேன் என்றால் 36 இடமும் தேறியதாக ஆகாது. செக்‌ஷீட்டில் தேர்ச்சி அளவு இருக்கிறது. அதையே அளவீடாக எழுதலாம். இன்னொன்று, எர்த் அளவீட்டை மார்ச் 15-க்குப் பிறகு எடுக்கச் சொல்லலாம். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் இப்போது இன்னும் மண்ணில் இருக்கிறது. ஈர மண்ணில் அளந்தால் எண் நன்றாக வரும், மண் காய்ந்ததும் ஏறிவிடும். காய்ந்த மண்ணில் தேறினால்தான் அது நம்பத்தக்க அளவு.

ராதாபுரம் தளத்தில் பத்து நாள் வித்தியாசம். பணகுடியைவிட அங்கே நான்கு மில் அதிகம், ஆனால் ஆள் எண்ணிக்கை ஒன்றுதான். ஏப்ரல் 20 என்று தேதியை மட்டும் திருத்திக் கையெழுத்து வாங்குவது அவருக்கு நியாயமாகாது. பணகுடி ஏப்ரல் 15-இல் முடித்ததும் அங்கிருந்து இரண்டு பேரை ஐந்து நாள் ராதாபுரத்துக்கு அனுப்பினால் முடியும். இரு மேற்பார்வையாளர்களிடமும் பேசிவிட்டேன், தங்கள் உத்தரவு வேண்டும். கட்டுப்பாட்டு அறைத் தாளில் தேதி இல்லாததற்குக் காரணம் அது தொடர் வேலை என்பதுதான். மே 31-இல் முதல் கணக்கு, பிறகு மாதக் கடைசியில் ஒன்று என எழுதினால் போதும்.

அடுத்தது, அட்டவணையில் "நேர்" என்று இருந்தும் என்னைக் கவலைப்படுத்துகிற இடம். ஸ்டோர் கீப்பரின் இரண்டு இலக்குகளும் தனித்தனியே துறை நோக்கத்தோடு பொருந்துகின்றன, ஒன்றோடொன்று மோதுகின்றன. இருப்பு மதிப்பை 8 சதவீதம் குறைக்க எளிய வழி, விலை கூடிய, அடிக்கடி அசையாத பொருள்களை வாங்காமல் விடுவது. அந்தப் பொருள்கள்தான் அவருடைய 14 முக்கிய உதிரிகளில் பெரும்பாலானவை. கடந்த ஜூலையில் ஒரு பெரிய மில்லின் யா மோட்டார் எரிந்தபோது மாற்று மோட்டார் வர ஆறு நாள் ஆனது. 144 மணி நேரம், சார். ஒரு மில்லுக்கு ஒரு சீசன் முழுவதற்கும் உள்ள 110 மணியை அந்த ஒரே பழுது தாண்டிவிட்டது. அதனால் 14 உதிரிகளையும் 8 சதவீதக் கணக்கிலிருந்து விலக்கி, மீதி இருப்பில் மட்டும் குறைப்பை அளக்கக் கோருகிறேன். நோ5-ஐத் தாங்கள்தான் மாற்ற முடியும். அவர் இதைக் கேட்கத் தயங்குகிறார், அவர் சார்பில் நான் எழுதுகிறேன்.

நோ4-க்கு வந்த தாள் ஒன்றே ஒன்று. இலக்குத் தாள் கொடுத்தவர்களில் மில் ஏறுபவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர் மட்டும் பயிற்சியை எழுதியிருக்கிறார். பயிற்சியை ஏற்பாடு செய்வது, பெல்ட், ஹார்னஸ், கயிறுகளைச் சோதிப்பது, உச்சியில் ஒருவர் மயங்கினால் இறக்குவதை ஒத்திகை பார்ப்பது, இவை யாருடைய தாளிலும் இல்லை. எல்லாரும் செய்வார்கள் என்று எல்லாரும் நினைத்திருக்கிறோம். என் தாளில் இதை முதல் இலக்காகச் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்: ஆறு பேருக்கும் மார்ச் 31-க்குள் சான்றிதழ், ஏப்ரல் 10-க்குள் பணகுடியில் ஒரு மீட்பு ஒத்திகை. சான்றிதழ் இல்லாதவர் மே 1-க்குப் பிறகு ஏறக்கூடாது என்பதையும் தாங்கள் எழுத்தில் தந்தால் நல்லது.

எந்த நோக்கத்தோடும் சேராத ஆங்கில இலக்கை நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேனுவலைப் படித்துச் சொல்ல இன்னொருவரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நேரமும் பழுது நேரம்தான். அளவீடாக, பிட்ச் பகுதிக்கான மேனுவல் அத்தியாயத்தை யார் துணையும் இல்லாமல் வாசித்து வேலையை முடிப்பது என்று வைக்கலாம். அப்போது அது நோ3-இல் சேரும்.

கடைசியாக, ஓட்டுநரின் தாள். கையால் எழுதிய ஒரே தாள் அதுதான். நோக்கத்தின் எண்ணைக் கூட அவர் குறிக்கவில்லை, நான்தான் சேர்த்தேன். ஆனால் மூன்று மில்களுக்குப் போகும் வழியில் வண்டி மணலில் புதைவது நம் பழுது நேரக் கணக்கில் எங்கும் எழுதப்படாமல் கிடந்தது, அதை எழுதியவர் அவர் ஒருவர்தான். தேதியில் ஒரு திருத்தம் மட்டும்: ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு, கிராவல் வேலைக்கு வரும் ஆட்களில் பலர் வடக்கன்குளத்துக்காரர்கள். புனித வெள்ளிக்கு முன்பே, ஏப்ரல் 1-இல் முடிப்பதாக மாற்றினேன், அவருக்கும் சம்மதம். கிராவலுக்கான செலவு மதிப்பீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

திருத்திய தாள்களை ஜனவரி 23, வெள்ளிக்கிழமை கையெழுத்துக்குக் கொண்டுவருகிறேன். அதற்கு முன் நோ5 பற்றியும், பணகுடி ஆட்களை மாற்றி அனுப்புவது பற்றியும் தங்கள் முடிவு தெரிந்தால் அந்த இரண்டு தாள்களையும் சேர்த்தே முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
உதவிப் பொறியாளர், பராமரிப்புத் திட்டமிடல்