ஒளிச்சேர்க்கைச் செயல்பாட்டு வகுப்புக்குப் பொருட்களும் கூடுதல் நேரமும் கோரி விண்ணப்பம்

நாள்: 07.07.2025

அனுப்புநர்:
அறிவியல் பட்டதாரி ஆசிரியை,
ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு.

பெறுநர்:
தலைமை ஆசிரியை அவர்கள்.

பொருள்: ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு – இலைகளில் தரசச் சோதனை – தொடர்ந்து இரண்டு பாடவேளையும் பொருட்களும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தாவரச் செயலியல் பாடத்தில் வரும் ஒளிச்சேர்க்கைச் சோதனையை 17.07.2025 வியாழக்கிழமை 42 மாணவிகளும் தாங்களே செய்து பார்க்கும்படி திட்டமிட்டுள்ளேன். அறுவர் கொண்ட ஏழு குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று இலைகள்: கறுப்புத்தாள் பட்டை ஒட்டி வெயிலில் இருந்த செம்பருத்தி இலை, இருட்டிலேயே இருந்த செம்பருத்தி இலை, பச்சையும் வெள்ளையும் கலந்த கோலியஸ் இலை. சிவப்பு கலந்த கோலியஸும் குரோட்டனும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். பச்சைப் பகுதி எது என்று அவற்றில் பிரித்துக் காட்டுவதே பெரும்பாடு.

முதலில் நேரம். வியாழன் ஆறாம் பாடவேளை (1.50 – 2.30) என்னுடையது. ஏழாம் பாடவேளையும் (2.30 – 3.10) சேர்த்துத் தர வேண்டுகிறேன். அது கணித வேளை. வெள்ளி முதல் வேளையை மாற்றாக எடுத்துக்கொள்ளக் கணித ஆசிரியை இசைந்திருக்கிறார். எட்டாம் வேளையைக் கேட்கவில்லை. அது விளையாட்டு வேளை. அதைப் பறித்தால் பிள்ளைகளின் மனம் சோதனையில் இருக்காது.

நாற்பது நிமிடம் ஏன் போதாது என்றால், இலையைக் கொதிநீரில் முக்க ஒரு நிமிடம்தான் ஆகும். ஸ்பிரிட்டில் பச்சையம் இறங்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். கொஞ்சம் முற்றிய செம்பருத்தி இலை என்றால் ஸ்பிரிட்டை ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். அதன்பின் வெதுவெதுப்பான நீரில் அலசி, அயோடின் விட்டு, நிறத்தைப் பார்த்து, படம் வரைய வேண்டும். ஏழு குழுவுக்கும் சேர்த்து 65 முதல் 70 நிமிடம் பிடிக்கும். இலையை ஸ்பிரிட்டிலேயே மறுநாள் வரை வைக்கலாம்தான். ஆனால் பச்சை இறங்கி இலை வெளுப்பதைப் பிள்ளைகள் பார்க்காமலே போய்விடுவார்கள்.

காலை வேளைக்கு மாற்றுவதும் பயன்படாது. இலையில் தரசம் சேர நல்ல வெயில் நாலைந்து மணி நேரம் வேண்டும். காலையில் பறித்த இலையில் அயோடின் விட்டால் பழுப்பாகவே நிற்கும். புத்தகத்தில் இருப்பது தவறோ என்று பிள்ளைகள் கேட்பார்கள். 17ஆம் தேதி மேகமூட்டமாக இருந்தால், 24.07.2025 வியாழக்கிழமை அதே வேளைகளில் நடத்த அனுமதி வேண்டும்.

அடுத்து இடம். இலையில் ஏற்கெனவே இருக்கும் தரசம் தீர வேண்டும் என்பதால், நான்கு தொட்டிச் செடிகளையும் (செம்பருத்தி 2, கோலியஸ் 2) 14ஆம் தேதி திங்கள் மாலை நான்கு மணி முதல் வியாழன் காலை வரை முழு இருட்டில் வைக்க வேண்டும். சன்னல் இல்லாத பழைய விளையாட்டுப் பொருள் அறை இதற்குப் பொருத்தம். அதன் சாவியை என் பொறுப்பில் தரவும், அந்த மூன்று நாளும் வேறு யாரும் அறையைத் திறக்காதிருக்க ஊழியர்களிடம் சொல்லவும் வேண்டுகிறேன். இடையில் ஒருவர் பந்து எடுக்கக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனால் மூன்று நாள் வேலையும் போச்சு. வியாழன் காலை ஒன்பது மணிக்கு ஒரு செம்பருத்தியும் இரண்டு கோலியஸும் முற்றத்து வெயிலுக்கு வரும். இன்னொரு செம்பருத்தி உள்ளேயே இருக்கும். பட்டையை இலையின் இருபுறமும் இறுக்கமாகப் பிடிக்கும்படி கிளிப் போடுவோம். தளர்ந்திருந்தால் ஓரத்தில் வெளிச்சம் புகுந்து கோடு கலங்கிவிடும்.

பொருட்கள்: ஸ்பிரிட் 750 மி.லி. தேவை. ஒரு கொதிகுழாய்க்கு 15 மி.லி. வீதம் 21 குழாய்க்கு 315, ஒருமுறை மாற்ற அதே அளவு, மீதி சிந்தல் சேதாரத்துக்கு. மேல்நிலை வேதியியல் ஆய்வகத்தில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் இருப்பு உள்ளது. அதிலிருந்து வழங்க உத்தரவிட வேண்டுகிறேன். அயோடின் படிகம் நம்மிடமே இருக்கிறது. ஆனால் வெறும் தண்ணீரில் அது சரியாகக் கரையாது. பொட்டாசியம் அயோடைடு வேண்டும். 300 மி.லி. நீருக்கு அயோடைடு 2 கிராம், அயோடின் 1 கிராம். வாங்க வேண்டியவை, உத்தேச விலையில்:

பொட்டாசியம் அயோடைடு 25 கிராம் – ரூ.350
கொதிகுழாய் 12 (ஒன்பது குறைகிறது, மூன்று உபரி) – ரூ.420
இடுக்கி 7 – ரூ.280
வெள்ளைத் தட்டு 7 – ரூ.140
கறுப்புச் சார்ட் தாள் 2 – ரூ.20
காகித கிளிப் – ரூ.30
மொத்தம் – ரூ.1,240

அலுவலகத்தில் தேநீருக்கு வைத்திருக்கும் மின்கெட்டிலும் ஆசிரியர் அறையில் உள்ளதும் அன்று பகல் மட்டும் தேவை. இரண்டும் 1,500 வாட். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் தாங்காது என்பதால் உயிரியல் ஆய்வகத்தின் இரு சுவர்களிலும் உள்ள தனித்தனிப் பிளக்கில் போடுவோம். மொத்தம் ஆறு லிட்டர் வெந்நீர் வேண்டும். முதல் சுற்றை மணியடிக்கும் முன்பே கொதிக்கவைக்க ஆய்வக உதவியாளரை 1.35க்கே அனுப்பினால் நல்லது.

பாதுகாப்பு பற்றித் தாங்கள் கேட்பீர்கள். ஸ்பிரிட் விளக்கு, அடுப்பு எதுவும் கிடையாது. ஸ்பிரிட்டில் உள்ள எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அப்போதுதான் கொதித்து இறங்கிய நீரைப் பீக்கரில் ஊற்றி அதற்குள் குழாயை நிறுத்தினாலே போதும். ஆறிவிட்டால் நீரை மட்டும் மாற்றுவோம். ஸ்பிரிட்டின் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் சன்னல்கள் திறந்திருக்கும். கெட்டில்கள் மாணவிகளின் மேசைகளிலிருந்து தள்ளி, சுவரோரம் இருக்கும். கெட்டிலையும் ஸ்பிரிட் போத்தலையும் நானும் உதவியாளரும் மட்டுமே தொடுவோம். ஒரு வாளி மணல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பயன்படுத்திய பச்சை ஸ்பிரிட்டைத் தொட்டியில் ஊற்றாமல், பெயர் எழுதிய போத்தலில் சேர்த்து வேதியியல் ஆய்வகத்தில் ஒப்படைப்போம். அயோடின் கறை சீருடையில் பட்டால் போகாது. கையை மடித்துவிடச் சொல்வேன்.

பிசகும் இடங்கள் இரண்டு மூன்றுதான். பெரிய இலையைச் சுருட்டித் திணித்தால் மடிப்புக்குள் பச்சை தங்கிவிடும். எனவே உள்ளங்கையில் பாதியளவு இலைகளையே பறிப்போம். செம்பருத்தியைக் கொதிநீரில் அதிக நேரம் விட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். ஸ்பிரிட்டிலிருந்து எடுத்த இலை அப்பளம் போல நொறுங்கும்; வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் கிடந்தால் துணி போலத் தளர்ந்து தட்டில் விரியும். அதன்பின்தான் அயோடின். எல்லாம் சரியாக நடந்தால், இலை முழுவதும் கருநீலமாகி, பட்டை இருந்த இடம் மட்டும் அடிக்கோல் வைத்து வரைந்தது போலப் பழுப்பாக நிற்கும்.

வாங்கும் பொருட்கள் 15ஆம் தேதிக்குள் கைக்கு வந்தால் 16ஆம் தேதி கரைசல் கலக்கி, உதிரி இலை ஒன்றில் சரிபார்த்துவிடலாம். இதற்கு இந்த வாரத்துக்குள் தங்கள் ஒப்புதல் கிடைக்க வேண்டுகிறேன். ரசீதுகளைக் கணக்கோடு அலுவலகத்தில் ஒப்படைக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அறிவியல் பட்டதாரி ஆசிரியை