கச்சான் காலத்துத் தனிமை

காசநோய் என்று மருத்துவர் உறுதிப்படுத்திய அன்று, எங்கள் வீட்டில் முதலில் பேசப்பட்டது மருந்தைப் பற்றியல்ல, அயலவர்களிடம் என்ன சொல்வது என்பதைப் பற்றியே. நெருப்புக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றார் என் கணவர். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றால் போதும் என்றாள் மகள். பல வருடங்களாகத் திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கும் எனக்கு, இந்த நகரத்தில் தெரியாத வீடுகள் குறைவு. ஆகவே அவர்களுடைய பயம் எனக்கு விளங்கியது. அந்தப் பயத்தை நானும் சிறு வயதிலேயே கண்டிருக்கிறேன்.

என் தாயின் தங்கைக்கு 1970களின் தொடக்கத்தில் இதே நோய் வந்தது. வீட்டின் பின்புறத்துச் சாய்ப்பில் அவரை வைத்திருந்தார்கள். அவருக்கென்று ஒரு கோப்பை, ஒரு பேணி, ஒரு பாய். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஊசியும் குளிசையும் எடுத்து அவர் சுகமானார், அதன் பின்னர் நெடுங்காலம் வாழவும் செய்தார். ஆனால் அந்தக் கோப்பையும் பேணியும் அவர் இறக்கும் வரையில் மற்றப் பாத்திரங்களோடு சேர்க்கப்படவில்லை. கல்யாணப் பேச்சும் ஒருபோதும் எழவில்லை. கிருமி அவரை விட்டுப் போன பிறகும் வீடு அவரைத் தனியாகவே வைத்திருந்தது. காசநோய் காற்றின் வழியே பரவுவது, பாத்திரத்தின் வழியே பரவுவதல்ல என்பதை, ரொபர்ட் கொக் அந்தக் கிருமியைக் கண்டறிந்து அறிவித்த 1882ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தும் எங்கள் குசினி ஏற்றுக்கொள்ளவில்லை.

நான் தனித்திருந்தது வைகாசியில் தொடங்கியது. திருமலையில் அது கச்சான் காலம். மேற்கே தரையைக் கடந்து வரும் அந்தக் காற்று வெக்கையையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும் என்பதால், மத்தியானத்தில் எல்லோரும் யன்னல்களைச் சாத்திவிடுவார்கள். எனக்கோ யன்னல்கள் எல்லா நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது கண்டிப்பான அறிவுறுத்தல். மூடிய அறையில் இருமலோடு வெளியேறும் நுண்துளிகள் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும், காற்றோட்டமும் வெயிலும் அவற்றைக் கலைத்து அழிக்கும். காரணம் தெரிந்திருந்தாலும், தலையணை உறையில் படிந்த செம்மண் புழுதியைப் பிற்பகலில் தட்டிவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்வதற்குப் பொறுமை வேண்டியிருந்தது. நான்கு மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்த குளிசைகளை வெறும் வயிற்றில் விழுங்கினேன். றிபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது, முழங்கால் மூட்டுகள் நொந்தன, காலையில் குமட்டியது. இவற்றை நான் முறைப்பாடாகச் சொல்லவில்லை. அந்தக் குளிசைகள் இந்நாட்டில் ஒரு சதமும் வாங்காமல் கொடுக்கப்படுகின்றன என்பதை நன்றியோடு நினைக்கிறேன்.

மருந்தை விழுங்குவதை இன்னொருவர் நேரில் பார்க்க வேண்டும் என்பது இந்தச் சிகிச்சையின் ஒழுங்கு. எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நான் அக்கா என்று அழைக்கும் அவர், தினமும் காலையில் யன்னலுக்கு வெளியே கதிரையைப் போட்டு அமர்ந்து, நான் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் புத்தி சொல்வதை அவர் முற்றாகத் தவிர்த்தார். திருக்கடலூர்ப் பக்கம் அன்று என்ன மீன் பட்டது, சூடை என்ன விலைக்குப் போனது, கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்கள் யாருடைய வேலியோரப் பூச்செடியைத் தின்றன என்று ஊர்ச் செய்தி சொல்வார். படலைக்கு அப்பால் நின்று சுகம் விசாரித்த மற்றவர்களோ, முருங்கையிலை தொடங்கி நேர்த்திக்கடன் வரை எனக்கு மருந்து சொன்னார்கள், அவர்களுக்குத் தெரிந்த யாரோ இருமி இருமிச் செத்த கதையையும் சேர்த்துச் சொன்னார்கள். நோயாளிக்கு வேண்டியது தன் நோயைப் பற்றிய பேச்சல்ல, தான் இல்லாமலும் நடந்துகொண்டிருக்கும் ஊரில் தனக்கு இன்னும் ஓர் இடம் இருக்கிறது என்ற உறுதி என்பதை அந்தக் கதிரையிலிருந்தே நான் கற்றேன்.

அந்த நாட்களில் என்னை மிகவும் வருத்தியது, நான்கு வயதான என் பேரனுக்கும் மருந்து கொடுக்க வேண்டியிருந்ததுதான். நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, நோய் இல்லை என்று உறுதியான பின்னும், வராமல் தடுப்பதற்காக ஐசோனியாசிட் கொடுப்பார்கள். மகள் விறாந்தையில் அமர்ந்து குளிசையைக் கரண்டியில் நசுக்கித் தண்ணீரில் கரைப்பாள். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டு குடித்துவிட்டு, யன்னலைப் பார்த்து, “அம்மம்மா, நான் முடிச்சிட்டன், நீங்க?” என்று கேட்பான். முகக்கவசத்துக்குள்ளிருந்து நானும் முடித்துவிட்டேன் என்று கையைக் காட்டுவேன். அவனைத் தூக்க முடியாது. தன் அம்மம்மாவால் தனக்கு மருந்து வந்தது என்பதும் அவனுக்குத் தெரியாது.

இரண்டாம் மாத முடிவில் எடுத்த சளியில் கிருமி இன்னும் காணப்பட்டதால், நான்கு மருந்துக் கட்டத்தை மேலும் ஒரு மாதத்துக்கு நீடித்தார்கள். அன்றிரவுதான் என் மனதில் ஒன்று தீர்மானமாயிற்று. நான் படிப்பித்த வகுப்புப் பிள்ளைகளும் பரிசோதிக்கப்பட வேண்டியவர்கள். சுகாதாரப் பகுதியினர் அந்த ஏற்பாட்டைப் பெயர் குறிப்பிடாமல் செய்யக்கூடியவர்களே. ஆனால் பெயரற்ற ஒரு செய்தி ஊருக்குள் சுற்றும்போது அது ஒவ்வொரு பிள்ளைமீதும் சந்தேகமாக விழும் என்று எனக்குப் பட்டது. ஆகவே பெற்றோருக்கு நானே கடிதம் எழுதினேன். எனக்கு வந்திருப்பது காசநோய், இது குணமாகக் கூடியது, பிள்ளைகளைக் கூட்டிச் சென்று காட்டுங்கள் என்று எழுதி, என் பெயரை இட்டேன். கணவர் இரண்டு நாட்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சில பெற்றோர் கோபத்தோடு பேசினார்கள், ஒருவர் தன் பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றினார். பெரும்பாலானோர் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றார்கள். யாருக்கும் நோய் இருக்கவில்லை.

அதற்கு முன்பு, வீட்டு விடயம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை ஒழுக்கமாகவே கருதி வாழ்ந்தவள் நான். சாய்ப்பிலிருந்த என் சின்னம்மாவைத் தனிமைப்படுத்தியது நோயைவிட அந்த ஒழுக்கமே என்று இப்போது நம்புகிறேன். என்னில் மாறியது இதுதான். மாறாமல் ஒட்டிக்கொண்டவையும் உண்டு: பஸ்ஸில் யாராவது இருமினால் என் கை தானாகவே யன்னல் கண்ணாடியைத் தள்ளுகிறது, பேரன் மடியில் ஏறும்போது முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொள்கிறேன்.

ஆவணி இறுதியில் சளி சுத்தமாயிற்று. மாரி மழை விழுந்த நாட்களில் நான் பாடசாலையில் இருந்தேன், குளிசைகள் மார்கழியில் முடிந்தன. என் தட்டை வேறாக வைக்க வேண்டாம் என்று வீட்டில் ஒரு முறைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது நோயாளி வீடுகளுக்குப் போகும்போது, கேட்டாலொழிய நோயைப் பற்றிப் பேசுவதில்லை. அண்மையில் ஒரு மாணவியின் தாய் வந்து, தன் கணவர் மூன்றாம் மாதத்திலேயே உடம்பு தேறிவிட்டது என்று குளிசைகளை நிறுத்திவிட்டதாகவும், சொன்னால் கேட்கிறார் இல்லை என்றும் அழுதார். இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரக்கூடும் என்பதால் அன்று மாலையே போனேன். முதலில் இறால் பிடிபாட்டைப் பற்றியே கதைத்தோம். பிறகு எனக்கும் இதுதான் வந்தது என்றேன். அவர் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தார். வரும் செவ்வாய்க்கிழமை அவரோடு மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு நானும் போகிறேன்.