விருது ஏற்புரை: எங்கள் பகுதி நிருபர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டியில் இருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையைத் தஞ்சாவூருக்கு அழைத்து இந்த விருதைக் கொடுத்த நடுவர்களுக்கு நன்றி.

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களைப் பற்றிய தொடருக்காகத்தான் இந்த விருது. அதில் நான் செய்தது, வந்ததைத் திருத்தித் தலைப்பு வைத்தது. செய்தியைக் கொண்டுவந்தவர்கள் எங்கள் பகுதி நிருபர்கள்.

அவர்களில் ஒருவர் ஊரைக்கூட நான் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அடுத்த அறுவடைக்கு அவரும் அதே நிலையத்தில்தான் நெல்லைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று காலையில் ஒதுக்கி வைத்த குவியலை, காயப்போடாமலேயே சாயங்காலம் எடை போட்டதை அவர் நேரில் பார்த்தார். அதோடு விடாமல், 40 கிலோ மூட்டைக்கு யார் எவ்வளவு லஞ்சம் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு விவசாயியிடமும் கேட்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கினார். அந்த நோட்டு இல்லையென்றால் ஒரு வரியைக்கூட அச்சுக்கு அனுப்பியிருக்க மாட்டேன்.

அப்புறம் எங்கள் முத்துப்பேட்டை நிருபர். 2018 நவம்பர் 16, கஜா புயல் கரை கடந்த அன்று போன் இல்லை, கரண்ட் இல்லை, ரோடு முழுக்கத் தென்னை சாய்ந்து கிடக்கிறது, மனிதர் மெமரி கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாதி தூரம் பைக்கைத் தள்ளிக்கொண்டே ஆபீஸ் வந்து சேர்ந்தார். அவர் வீட்டுக் கூரை போனதை அவர் வாயால் சொல்லவே இல்லை, வேறு ஆள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இடும்பாவனம் அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். நூறு நாள் வேலைக்குக் கூலி வராத விஷயத்தைப் பெண்கள் எங்களிடம் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த இடத்தில் அக்காவிடம் சொன்னார்கள்.

இவர்கள் யாருக்கும் மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான் தருகிறோம், அது பெட்ரோலுக்கே சரியாகிவிடும். மீதி, விளம்பரக் கமிஷன். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அதே ஆளிடம் போய்ப் பொங்கல் விளம்பரம் கேட்க வேண்டிய நிலைமை. அப்படிக் கைக்கு வந்த விளம்பரத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டுச் செய்தியை அனுப்பியவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். இங்கே பெரிய பத்திரிகைகளில் இருந்து வந்திருக்கிறீர்கள், உங்கள் தாலுகா நிருபர்களின் நிலைமையும் உங்களுக்குத் தெரியும். செய்தி வேலையையும் விளம்பர வேலையையும் ஒரே ஆள் தலையில் கட்டுவதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் அடுத்த இதழிலிருந்து நிறுத்துகிறோம்.

பரிசுப் பணம் முழுவதும் அவர்களுடைய விபத்துக் காப்பீட்டுக்குப் போகிறது. கேடயத்தை வாங்க முத்துப்பேட்டையும் இடும்பாவனம் அக்காவும் மேடைக்கு வாங்க.