திருத்தப்பட்ட நிகர லாப அறிக்கை: மன்னார்குடி உரம், விதைக் கடை, 31-3-2024 உடன் முடிந்த ஆண்டு

மன்னார்குடி, 18-6-2024

பெரியண்ணன், சின்னண்ணன் இருவருக்கும் வணக்கம்.

மே மாதம் நான் கொடுத்த கணக்கில் நிகர லாபம் ரூ.4,86,200 என்று இருந்தது. அதன்பிறகு கிட்டங்கிச் சீட்டுகளையும் ஏப்ரல் மாதப் பில்களையும் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். பதினோரு பிழைகள் அகப்பட்டன. அவற்றில் பாதி என் கைப்பிழை, மறுக்கவில்லை. சரியான லாபம் ரூ.5,25,660. வருமான வரிப் படிவம் ஜூலை 31-க்குள் போக வேண்டும் என்பதால் இதை இப்போதே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது. தொகைகள் எல்லாம் ஜிஎஸ்டி நீங்கலாக.

| விவரம் | கூட்டு (ரூ.) | கழி (ரூ.) |
|---|---:|---:|
| 1. கிட்டங்கியில் எண்ணாமல் விட்ட டிஏபி, 40 மூட்டை × 1,300 | 52,000 | |
| 2. கொள்முதலில் எழுதப்பட்ட மின்னணுத் தராசு | 42,000 | |
| 3. அந்தத் தராசுக்கு 6 மாதத் தேய்மானம், ஆண்டுக்கு 10% | | 2,100 |
| 4. பெரியண்ணன் வயலுக்குப் போன உரம், விதை (அடக்க விலை) | 9,400 | |
| 5. சின்னண்ணன் வீட்டு மின்கட்டணம் | 4,260 | |
| 6. ஏப்ரல்–ஜூன் 2024-க்கான தீக்காப்பீடு | 3,000 | |
| 7. வாராக்கடன் என்று தள்ளி, பிறகு வந்த தொகை | 6,000 | |
| 8. திரும்பி வந்த களைக்கொல்லி: விற்பனையில் குறைவு | | 7,800 |
| அதே சரக்கு இருப்பில் சேர்வது (அடக்க விலை) | 7,000 | |
| 9. மார்ச் 28 அன்று வந்த விதைநெல், 45 மூட்டை × 1,300 | | 58,500 |
| 10. மார்ச் மாதச் சம்பளம், கொடுபட வேண்டியது | | 14,000 |
| 11. வண்டி வாடகை, குறைவாகப் பதிந்தது | | 1,800 |
| மொத்தம் | 1,23,660 | 84,200 |

முன்பு கணக்கிட்ட நிகர லாபம் ரூ.4,86,200
கூட்டுக: ரூ.1,23,660
கழிக்க: ரூ.84,200
திருத்தப்பட்ட நிகர லாபம் ரூ.5,25,660

இவற்றில் சில பார்த்த உடனே புரியும். சிலதைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்பதாவதுதான் பெரிய தொகை. லாரி மார்ச் 28 அன்று வந்து இறக்கிவிட்டுப் போனது. மூட்டைகளை மார்ச் 31 இருப்பில் எண்ணிவிட்டோம். பில்லோ ஏப்ரல் 4-ல்தான் கைக்கு வந்தது, ஏப்ரல் கொள்முதலில் ஏறிவிட்டது. அதாவது சரக்கு இந்த ஆண்டுக்கு, அதன் விலை அடுத்த ஆண்டுக்கு என்று ஆகிவிட்டது. இதை அப்படியே விட்டிருந்தால் லாபம் ரூ.58,500 ஊதிப்போய்த் தெரிந்திருக்கும். சரக்கை எண்ணாமலும் விட்டிருந்தால் லாபத்தில் பாதிப்பு இருந்திருக்காது. ஒரு பக்கம் மட்டும் எழுதுவதுதான் ஆபத்து. ஏப்ரல் கொள்முதலில் இருந்து அந்தப் பில்லை எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் அது இரண்டு ஆண்டிலும் செலவாக உட்கார்ந்துகொள்ளும்.

எட்டாவதில் இரண்டு வரிகள் ஏன் என்று கேட்பீர்கள். களைக்கொல்லியைத் திருப்பிக் கொடுத்தவருக்கு நாம் விற்ற விலை ரூ.7,800. அதை அவர் கணக்கில் குறைத்தாக வேண்டும். ஆனால் பாட்டில்கள் நம் மூலையில் தான் இருக்கின்றன, இருப்பில் எண்ணப்படவில்லை. அதை வாங்கிய விலை ரூ.7,000-க்குத்தான் இருப்பில் சேர்க்க முடியும். நிகரமாக லாபம் குறைவது ரூ.800 மட்டும்.

ஏழாவது: முன்பு ஒரு விவசாயியின் பாக்கியை வாராக்கடன் என்று தள்ளினோம். அவர் அறுப்பு முடிந்து ரூ.6,000 கொண்டுவந்து கொடுத்தார். நான் பழக்கத்தில் அவர் பெயரிலேயே வரவு வைத்துவிட்டேன். அவர் கணக்கில்தான் பாக்கியே இல்லையே! தள்ளிய கடன் வசூலானால் அது லாபத்துக்குப் போக வேண்டிய வரவு.

தராசு ரூ.42,000. அக்டோபர் 1-ல் வாங்கியது. அது விற்கும் சரக்கு அல்ல, பல ஆண்டு உழைக்கும் சொத்து. எனவே கொள்முதலில் இருந்து எடுத்துச் சொத்தில் சேர்த்தேன். சொத்தானால் தேய்மானமும் உண்டு. அதை மறந்தால் பாதித் திருத்தம்தான்.

வண்டி வாடகை 18,600 என்பது பேரேட்டில் 16,800 ஆகியிருந்தது. இருப்பாய்வு ரூ.1,800 பொருந்தாமல் இழுத்தது, நான் அனாமத்துக் கணக்கில் போட்டு மூடினேன். வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்த்தபோதுதான் இலக்கம் இடம் மாறியது தெரிந்தது. அனாமத்து இப்போது காலி.

பட்டியலில் சேராத பிழை ஒன்றும் உண்டு. ஒரே பெயர்கொண்ட இரண்டு வாடிக்கையாளர்களில் ஒருவர் கட்டிய ரூ.15,000 மற்றவர் பெயரில் ஏறியிருந்தது. லாபத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் பாக்கி கேட்டு ஆள் அனுப்பும் முன் இதைச் சரிசெய்தாக வேண்டும், இல்லாவிட்டால் கட்டியவர் வாசலில் போய் நிற்போம்.

லாபம் கூடியது ரூ.39,460. மூன்றுக்கு இரண்டு என்ற பங்குப்படி பெரியண்ணனுக்கு ரூ.23,676, சின்னண்ணனுக்கு ரூ.15,784 கூடும். மொத்த லாபத்தில் பங்கு முறையே ரூ.3,15,396, ரூ.2,10,264. பெரியண்ணன் பெயரில் ரூ.9,400-ம் சின்னண்ணன் பெயரில் ரூ.4,260-ம் எடுப்பாகக் கழியும். அது கடையின் செலவு இல்லை என்பதால்தான் மேலே கூட்டினேன்.

அறிக்கை சரியா என்று நான் வேறு வழியாகவும் பார்த்தேன். சரக்கிருப்பு ரூ.59,000, தராசின் மதிப்பு ரூ.39,900, முன்கூட்டிக் கட்டிய காப்பீடு ரூ.3,000 கூடுகின்றன. கடனாளிகள் ரூ.1,800, அனாமத்து ரூ.1,800 குறைகின்றன. ஆக, சொத்து ரூ.98,300 கூடியது. சப்ளையருக்கும் சம்பளத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியது ரூ.72,500. மீதி ரூ.25,800. கூடிய லாபத்தில் இருந்து எடுப்பு ரூ.13,660-ஐக் கழித்தாலும் அதேதான் வருகிறது.

போன வாரம் சின்னண்ணன், 'லாபம் கூடியிருந்தால் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமே' என்றார். மேலே உள்ள பதினொன்றில் ஒன்றுகூட ரொக்கத்தைத் தொடவில்லை. கல்லாவில் இருந்த பணம் மே மாதக் கணக்கில் காட்டியதுதான். கூடிய லாபம் கிட்டங்கியில் மூட்டையாகவும் கடை முகப்பில் தராசாகவும் இருக்கிறது. சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய ரூ.58,500 தனியாக நிற்கிறது. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும். இந்த வருடம் அன்று திறக்கவில்லை. மோட்டார் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் குறுவைக்கு வருகிறார்கள். மற்றவர்களிடம் பாக்கி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எடுப்பைத் தள்ளிப் போடுங்கள்.

இருவரும் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பினால், ஏப்ரல் தொடக்க இருப்பையும் இதன்படி மாற்றிவிடுகிறேன். மார்ச் சம்பளம் ஏப்ரல் 3-ல் கொடுத்ததை நடப்பு ஆண்டுச் செலவில் இருந்து நீக்கிவிட்டேன், அதை மட்டும் கையோடு செய்துவிட்டேன்.

இப்படிக்கு,
கணக்கர்