பொருள்: கேட் டோக்கன் மென்பொருள் நிறுத்தம் – காரணங்களும் அடுத்த வேலைகளும் (நேற்றைய மடலுக்குப் பதிலாக)

மென்பொருள் குழுவினருக்கும் கிடங்குச் செயல்பாட்டுக் குழுவினருக்கும் வணக்கம்.

திருவொற்றியூர் கன்டெய்னர் கிடங்கில் திங்கட்கிழமை இரவு நாம் தொடங்கிய டோக்கன் முறையை மறுநாள் காலையே நிறுத்திவிட்டுப் பழைய பதிவேட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நேற்றைய மடலில் தனிநபர்களைச் சுட்டிய வரிகளை நீக்கியிருக்கிறேன். காரணங்களில் எதையும் நீக்கவில்லை.

நேரடிக் காரணம் கன்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கமான சரிபார்ப்பு எண். ஐஎஸ்ஓ 6346 விதிப்படி, முன்னுள்ள நான்கு எழுத்துகளையும் ஆறு இலக்கங்களையும் வைத்துக் கணக்கிட்டு 11-ஆல் வகுத்தால் வரும் மீதியே அந்த எண். மீதி 10 என்றால் 0 என்று எழுத வேண்டும். நம் நிரலில் இந்தக் கடைசி விதி இல்லாததால், முறையான பெட்டிகளையே அது தவறான எண் என்று திருப்பியது. மீதி 10 வரும் எண்களைத் தவிர்க்குமாறு ஐஎஸ்ஓ 6346 தரமே பரிந்துரைப்பதால் அவை அரிதாகத்தான் வரும். செயல்பாட்டுக் குழு தந்த சோதனைப் பட்டியலில் அப்படி ஒன்றுகூட இல்லை. வேண்டும் என்று மென்பொருள் குழுவும் கேட்கவில்லை. தேவை ஆவணத்தில் நாம் இரு தரப்பும் ஒப்பமிட்டபோது அந்த விதி அதில் இடம்பெறவே இல்லை.

ஆனால் ஒரு பிழை ஓர் இரவையே முடக்கியதற்கு அது மட்டும் காரணமல்ல. திரையில் "எண் தவறு" என்று வந்ததும், தாம்தான் தவறாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து, கேட்டில் இருந்த ஊழியர் பெட்டியின் கதவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு வழி எதையும் நாம் சொல்லித்தரவில்லை. புது முறை தொடங்கும் அன்றைக்கே பழைய பதிவேட்டை நிறுத்திவிட முடிவுசெய்திருந்தோம். இரவில் யாரை அழைப்பது என்று எழுதிவைக்கவில்லை. தொடக்கத் தேதியைத் தள்ளலாமா என்ற பேச்சுக்கு நானும் இடம் வைக்கவில்லை. எண்ணூர் விரைவுச் சாலை வரை நின்ற டிரெய்லர்களின் ஓட்டுநர்கள்தான் இரவு முழுவதும் கண்விழித்து அதன் விலையைக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கிடங்கின் சார்பில் விளக்கம் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மென்பொருள் குழு நிரலைத் திருத்தி, மீதி 10 வரும் எண்களைச் சோதனையில் சேர்க்கும். செயல்பாட்டுக் குழு பழைய பதிவேட்டிலிருந்து உண்மையான எண்களைத் தரும். மறுபடி தொடங்கும்போது பதிவேடு இணையாக ஓடும், இரண்டு குழுவிலிருந்தும் ஒருவர் கேட்டிலேயே இரவுப் பணியில் இருப்பார். நிறுத்தும் முடிவை, யாரிடமும் அனுமதி கேட்காமல், கேட் மேற்பார்வையாளரே எடுக்கலாம்.

இதில் விடுபட்ட காரணம் இருந்தால், வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்குத் தண்டையார்பேட்டை அலுவலகத்தில் கூடும்போது சொல்லுங்கள். அன்று இரவுப் பணியில் இருந்த கேட் ஊழியர்களையும் அழைத்திருக்கிறேன்.

அன்புடன்,
திட்ட ஒருங்கிணைப்பாளர்