முதல் ரயில் டிக்கெட்: திரைக்குத் திரை குரல் உரை

திரை 1: உள்நுழைவு
வணக்கம். IRCTC பயனர் பெயர், கடவுச்சொல், படத்திலுள்ள எழுத்துகள், அவ்வளவுதான்.

திரை 2: தேடல்
From கட்டத்தில் MS, To கட்டத்தில் MDU அடிங்க. எழும்பூர், மதுரை வந்துடும். தேதி தொட்டு Search.

திரை 3: ரயில் பட்டியல்
இங்கே அவசரம் வேண்டாம். AVAILABLE என்றால் இடம் இருக்கு. RAC என்றால் ஏறலாம், ஆனா உட்காரத்தான் இடம் உறுதி. யாராவது ரத்து செய்தா படுக்கை கிடைக்கலாம். WL காத்திருப்புப் பட்டியல். இறுதிப் பயணிகள் பட்டியலான சார்ட் போட்ட பிறகும் டிக்கெட்டில் உள்ள எல்லாருக்கும் WL-ஆகவே இருந்தா டிக்கெட் தானா ரத்தாகி, சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும். அதை வச்சு ரயிலேறக் கூடாது.

திரை 4: பயணி விவரம்
அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கேட்கலாம், கிடைக்கும்னு உறுதியில்லை.

திரை 5: பணம்
யுபிஐ போதும். சுத்திக்கிட்டே இருந்தாலும் பின்னாடி போகாதீங்க.

திரை 6: டிக்கெட்
10 இலக்க பிஎன்ஆர் எண்ணைக் குறிச்சுக்கோங்க. பயணத்தன்று அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.